ஒளித்த சீட்டை யார் சொன்னது?

கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து வந்து 52 சீட்டுள்ள கட்டை நன்றாகக் கலைத்து, தன் விருப்பப்படி ஐந்து சீட்டுகளை உருவுகிறார். வித்தைக்காரர் அப்போது அறையிலேயே இல்லை. வெளியே நிற்கிறார், கதவும் சாத்தியிருக்கிறது. அந்த ஐந்து சீட்டையும் வாங்கிப் பார்ப்பவர் அவருடைய கூட்டாளி. பார்த்துவிட்டு ஒன்றை உருவியவரிடமே திருப்பிக் கொடுத்து, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். மற்ற நான்கையும் முகம் தெரிய, ஒரு வரிசையாக மேசையில் அடுக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

இப்போது வித்தைக்காரர் உள்ளே வருகிறார். நான்கு சீட்டையும் இடமிருந்து வலமாக ஒருமுறை பார்க்கிறார். “உங்கள் பையில் இருப்பது ஆட்டின் ஏழு” என்கிறார். எடுத்துப் பார்த்தால் ஆட்டின் ஏழேதான்.

இருமல், கண்ஜாடை, சீட்டைச் சாய்த்து வைப்பது, இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடுவது என்று எந்தத் தில்லுமுல்லும் இதில் கிடையாது. கூட்டாளி வெளியே போய்விடலாம். மேசைச் சீட்டுகளை வேறொருவர் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாலும் வித்தை பலிக்கும். அப்படியானால் சேதி முழுவதும் அந்த நான்கு சீட்டிலும் அவற்றின் வரிசையிலும்தான் இருந்தாக வேண்டும்.

இதைக் கண்டுபிடித்தவர் வில்லியம் ஃபிட்ச் சேனி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர். சீட்டு வித்தையிலும் கைதேர்ந்தவர். 1950-இல் வாலஸ் லீ எழுதிய ‘மேத் மிராக்கிள்ஸ்’ என்ற புத்தகத்தில் இது அச்சேறியது. கை வேகமோ கண்கட்டோ இதற்குத் தேவையில்லை. தேவைப்படுவது கொஞ்சம் எண்ணிக்கைதான். அந்த எண்ணிக்கையோ முதல் பார்வையில் இப்படி ஒரு வித்தை நடக்கவே முடியாது என்று சொல்கிறது.

எண்ணிப் பார்ப்போம். மேசையில் நான்கு சீட்டு இருக்கிறது. முதல் இடத்தில் எதை வைப்பது என்பதற்கு நான்கு வழி. அது போக இரண்டாம் இடத்துக்கு மூன்று, மூன்றாவதற்கு இரண்டு, கடைசிக்கு ஒன்று. பெருக்கினால் 24. ஆக, நான்கு சீட்டை வரிசைப்படுத்தி 24 வெவ்வேறு சேதிகளைத்தான் சொல்ல முடியும். ஒளித்த சீட்டு எதுவாக இருக்கலாம்? மேசையில் கிடக்கும் நான்கைத் தவிர மீதி 48-இல் எதுவும் ஆகலாம். 24 சேதிகளை வைத்துக்கொண்டு 48 பொருள்களை எப்படிப் பிரித்துச் சொல்வது? சரியாகப் பாதிதான் தேறுகிறது. ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு சீட்டு மிஞ்சும், அதில் ஒன்றை வித்தைக்காரர் குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் இந்த வித்தை ஒருமுறைகூடத் தவறுவதில்லை.

கணக்கில் பிழை இல்லை. கணக்கு எதை விட்டுவிட்டது என்பதுதான் கேள்வி. அதைப் பிடிக்க, கட்டைச் சுருக்கிவிடுவது நல்லது. 1, 2, 3 என்று எழுதிய மூன்றே சீட்டு. பார்வையாளர் இரண்டை எடுக்கிறார். கூட்டாளி ஒன்றை ஒளித்து ஒன்றைக் காட்டுகிறார். காட்டுவது ஒரே சீட்டு என்பதால் வரிசை என்ற பேச்சுக்கே இடமில்லை. வித்தைக்காரர் பார்ப்பது ஒரு சீட்டு, ஒளிந்திருப்பதோ மற்ற இரண்டில் ஒன்று. மேலே போட்ட அதே கணக்கைப் போட்டால், ஒரு சேதியை வைத்து இரண்டைப் பிரிக்க வேண்டும், முடியாது என்றுதான் விடை வரும்.

ஆனால் முடிகிறது. 1-உம் 2-உம் வந்தால் 1-ஐக் காட்டு. 2-உம் 3-உம் வந்தால் 2-ஐக் காட்டு. 3-உம் 1-உம் வந்தால் 3-ஐக் காட்டு. அவ்வளவுதான். காட்டிய சீட்டுக்கு அடுத்ததே ஒளித்த சீட்டு, 3-க்கு அடுத்தது சுற்றி வந்து 1. கூட்டாளிக்கு வரிசையில் கைவைக்க வழியில்லை என்றாலும், இரண்டில் எதை ஒளிப்பது என்ற முடிவு அவர் கையில் இருந்தது. அந்த முடிவே சேதியாகிவிட்டது. 24-க்கும் 48-க்கும் நடுவே விழுந்த பள்ளத்தை நிரப்புவதும் இதேதான். ஒளிக்கும் சீட்டைப் பார்வையாளர் தேர்ந்தெடுப்பதில்லை, கூட்டாளிதான் தேர்ந்தெடுக்கிறார். மேடையில் இது யார் கண்ணிலும் படாது. சட்டைப்பைக்குள் போவது ஏதோ ஒரு சீட்டு என்றே எல்லோரும் நினைப்பார்கள்.

இனி முழுக் கட்டுக்கு வருவோம். கிளாவர், டைமன், ஆட்டின், ஸ்பேட் என்று சின்னங்கள் நான்குதான். எடுத்த சீட்டுகள் ஐந்து. நான்கு சின்னத்தில் ஐந்து சீட்டைப் பங்கிட்டால் ஏதாவது ஒரு சின்னத்தில் குறைந்தது இரண்டாவது விழுந்தே தீரும். கணிதத்தில் இதற்குப் புறாக்கூண்டுத் தத்துவம் என்று பெயர். ஆக, எந்த ஐந்து வந்தாலும் அதில் ஒரே சின்னமுள்ள ஒரு ஜோடி நிச்சயம். அந்த ஜோடியில் ஒன்றை ஒளித்து, மற்றதை மேசையில் முதல் இடத்தில் வைத்துவிடுகிறார் கூட்டாளி. முதல் சீட்டைப் பார்த்ததுமே வித்தைக்காரருக்கு ஒளித்த சீட்டின் சின்னம் தெரிந்துவிடும். 48 சந்தேகங்கள் ஒரே வீச்சில் 12 ஆகிவிட்டன.

மீதி மூன்று சீட்டை வரிசைப்படுத்த ஆறு வழி உண்டு. 12 சீட்டு, 6 வரிசை. மறுபடியும் பாதிதான் தேறுகிறது. இங்கேதான் மூன்று சீட்டு விளையாட்டில் பார்த்த சுற்று கைகொடுக்கிறது. ஏஸை 1 என்றும் ஜாக், குயின், கிங்கை 11, 12, 13 என்றும் கொண்டு, பதின்மூன்றையும் வட்டமாக அடுக்கியதாக எண்ணிக்கொள்ளுங்கள். கிங்குக்கு அடுத்து மறுபடி ஏஸ். வட்டத்தில் எந்த இரண்டு சீட்டை எடுத்தாலும் ஒன்றிலிருந்து மற்றதற்கு முன்னோக்கிப் போகும் தூரமும், அங்கிருந்து மேலும் முன்னோக்கி நடந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் தூரமும் சேர்ந்து 13. இரண்டுமே 7 அல்லது அதற்கு மேல் என்றால் கூட்டுத்தொகை 14-ஐத் தொட்டுவிடும். ஆகவே ஒன்றாவது 6-க்குள் அடங்கும். ஜோடியில் எதிலிருந்து எண்ணினால் மற்றது ஆறு அடிக்குள் வருகிறதோ, அதைக் காட்ட வேண்டும், மற்றதை ஒளிக்க வேண்டும். இப்போது சொல்ல வேண்டியது 1 முதல் 6 வரை ஓர் எண் மட்டுமே. மூன்று சீட்டின் ஆறு வரிசைகளுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆறு வரிசைக்கும் ஆறு எண் வைப்பது இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளும் ஏற்பாடு. மூன்றில் சிறியது, நடு, பெரியது என்று பெயர் வைத்துக்கொள்வோம். சிறியது‑நடு‑பெரியது என்றால் 1. சிறியது‑பெரியது‑நடு 2. நடு‑சிறியது‑பெரியது 3. நடு‑பெரியது‑சிறியது 4. பெரியது‑சிறியது‑நடு 5. பெரியது‑நடு‑சிறியது 6. மனப்பாடம் செய்யச் சுலபம்: முதல் சீட்டு சிறியதென்றால் 1 அல்லது 2, நடு என்றால் 3 அல்லது 4, பெரியதென்றால் 5 அல்லது 6. பிந்திய இரண்டும் ஏறுமுகமாக இருந்தால் முந்திய எண், இறங்குமுகமாக இருந்தால் பிந்திய எண்.

தொடக்கத்தில் சொன்ன ஆட்டின் ஏழையே எடுத்துக்கொள்வோம். பார்வையாளர் உருவிய ஐந்தும் இவை: ஆட்டின் ஏழு, கிளாவர் கிங், ஆட்டின் இரண்டு, ஸ்பேட் ஜாக், டைமன் நான்கு. ஆட்டின் ஜோடி ஒன்று இருக்கிறது. இரண்டிலிருந்து ஏழுக்கு 5 அடி. ஏழிலிருந்து சுற்றி வந்து இரண்டைத் தொட 8 அடி. ஆகவே இரண்டைக் காட்டி ஏழை ஒளிக்க வேண்டும், சொல்ல வேண்டிய எண் 5. மீதி மூன்றில் சிறியது நான்கு, நடு ஜாக், பெரியது கிங். 5 என்றால் பெரியது‑சிறியது‑நடு. எனவே மேசையில் இடமிருந்து வலமாக ஆட்டின் இரண்டு, கிளாவர் கிங், டைமன் நான்கு, ஸ்பேட் ஜாக். உள்ளே வரும் வித்தைக்காரர் முதல் சீட்டைப் பார்த்து ஆட்டின் என்று பிடிக்கிறார், அடுத்த மூன்றைப் பார்த்து 5 என்று படிக்கிறார், இரண்டிலிருந்து ஐந்து அடி நடந்து ஏழில் நிற்கிறார்.

இன்னொரு கை, சற்று வம்பானது. ஸ்பேட் ஐந்து, டைமன் ஒன்பது, ஆட்டின் குயின், ஆட்டின் மூன்று, கிளாவர் ஒன்பது. மூன்றிலிருந்து குயினுக்கு 9 அடி, ஆகாது. குயினிலிருந்து கிங், ஏஸ், இரண்டு, மூன்று என்று 4 அடி. குயினைக் காட்டி மூன்றை ஒளிக்க வேண்டும். மீதியில் இரண்டு ஒன்பது இருக்கிறதே, எது பெரியது? இதற்கும் முன்பே ஓர் ஒப்பந்தம் வேண்டும். எண் சமமானால் கிளாவர், டைமன், ஆட்டின், ஸ்பேட் என்ற ஏறுவரிசை என்று வைத்துக்கொண்டால், கிளாவர் ஒன்பதைவிட டைமன் ஒன்பது பெரியது. 4 என்றால் நடு‑பெரியது‑சிறியது. ஆக குயின், கிளாவர் ஒன்பது, டைமன் ஒன்பது, ஸ்பேட் ஐந்து.

பழகும்போது வித்தை சொதப்புவது பெரும்பாலும் இந்தச் சமநிலையில்தான். ஒருவர் ஆட்டினைப் பெரியதாகவும் மற்றவர் டைமனைப் பெரியதாகவும் நினைத்துக்கொண்டிருப்பார், விடை ஓரிரு அடி தள்ளிப் போய்விடும். இன்னொன்று திசை. கூட்டாளி மேசைக்கு ஒரு பக்கம் நின்று தன் இடமிருந்து வலமாக அடுக்கி, வித்தைக்காரர் எதிர்ப் பக்கம் நின்று படித்தால் வரிசை தலைகீழாகிவிடும். முதல் உதாரணத்தை அப்படிப் படித்தால் ஸ்பேட் ஜாக், டைமன் நான்கு, கிளாவர் கிங், ஆட்டின் இரண்டு. ஜாக்கிலிருந்து நான்கு அடி எண்ணி, “ஸ்பேட் இரண்டு” என்று அடித்துச் சொல்வார். தவறு என்று அவருக்கு உள்ளூர ஒரு சந்தேகமும் எழாது. ஒரே ஒரு சமயத்தில் மட்டும் பிழை தன்னைக் காட்டிக்கொடுக்கும்: கணக்குப் போட்டு வந்த சீட்டு மேசையிலேயே கிடந்தால். அப்போது வாயைத் திறக்காமல் எதிர்ப் பக்கத்திலிருந்து ஒருமுறை படித்துப் பார்ப்பது உத்தமம்.

கூட்டத்தில் கூர்மையானவர்கள் இருந்து வித்தையைத் திரும்பத் திரும்பச் செய்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. முதல் சீட்டும் ஒளித்த சீட்டும் எப்போதும் ஒரே சின்னமாக இருப்பது மூன்றாம் தடவையில் யாருக்காவது உறைத்துவிடும். அதைத் தவிர்க்க, சின்னத்தைச் சொல்லும் அந்தச் சாவிச் சீட்டை ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி வைக்கலாம். எந்த இடம் என்பதை மேசையிலுள்ள நான்கு எண்களின் கூட்டுத்தொகையே சொல்லும்படி பேசிக்கொண்டால் போதும். கூட்டி 4-ஆல் வகுத்து, மீதி 1 என்றால் முதல் இடம், 2 என்றால் இரண்டாம் இடம், 3 என்றால் மூன்றாம் இடம், மீதி இல்லையென்றால் கடைசி. நம் முதல் உதாரணத்தில் 2, 13, 4, 11 கூட்டினால் 30, மீதி 2. ஆகவே ஆட்டின் இரண்டு இரண்டாம் இடத்துக்குப் போகும். எந்த வரிசையில் வைத்தாலும் கூட்டுத்தொகை மாறாது என்பதால் வித்தைக்காரருக்குக் குழப்பம் வராது.

இந்த இடமாற்றம் ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுக்கிறது. சாவிச் சீட்டு எந்த இடத்தில் இருந்தாலும் வித்தை நடக்கிறது என்றால், 24 வரிசையில் சேனியின் முறை உண்மையில் பயன்படுத்துவது ஆறைத்தான். முதலில் 24 போதவில்லை என்று கவலைப்பட்டோம், இப்போது பார்த்தால் ஆறே போதும் போலிருக்கிறது. அப்படியானால் 52-ஐவிடப் பெரிய கட்டிலும் இந்த வித்தை நடக்க வேண்டுமே? எவ்வளவு பெரிய கட்டு வரை?

இதற்கு விடை காண, வித்தையைக் கொஞ்சம் மேலே நின்று பார்க்க வேண்டும். பார்வையாளர் எடுக்கும் ஐந்து சீட்டை ஒரு ‘கை’ என்போம். மேசையில் ஒரு வரிசையில் வைத்த நான்கு சீட்டை ஒரு ‘சேதி’ என்போம். வித்தைக்காரர் பார்ப்பது சேதியை மட்டுமே. அதை வைத்துக் கை முழுவதையும் அவர் தெரிந்துகொண்டாக வேண்டும். அதற்கு ஒரே நிபந்தனைதான்: இரண்டு வெவ்வேறு கைகளுக்குக் கூட்டாளி ஒரே சேதியை அடுக்கிவிடக்கூடாது. அப்படியானால் சேதிகளின் எண்ணிக்கை கைகளின் எண்ணிக்கைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 52 சீட்டில் கைகள் 25,98,960. சேதிகள் 64,97,400. சரியாக இரண்டரை மடங்கு. தாராளம்.

கட்டு பெரிதாகப் பெரிதாகக் கைகள் வேகமாகப் பெருகும், சேதிகள் அந்த வேகத்துக்குப் பெருகாது. ஏனென்று ஒரு சேதியை எடுத்துப் பார்த்தால் விளங்கும். ஒரு கையிலிருந்து எத்தனை சேதி அடுக்கலாம்? ஒளிக்க ஐந்து வழி, ஒவ்வொன்றுக்கும் மீதி நான்கை அடுக்க 24 வழி, ஆக 120. கட்டு எவ்வளவு பெரிதானாலும் இந்த 120 மாறாது. ஒரு சேதி எத்தனை கைகளிலிருந்து வந்திருக்கலாம்? மேசையில் இல்லாத எந்தச் சீட்டும் ஐந்தாவதாக இருந்திருக்கலாம், அதாவது கட்டின் எண்ணிக்கையில் நான்கு குறைவு. 52 சீட்டில் அது 48. கட்டு பெரிதானால் இதுவும் கூடிக்கொண்டே போகும். அது 120-ஐ எட்டும்போது கைகளும் சேதிகளும் சமமாகிவிடும். அது 124 சீட்டில் நடக்கிறது: 22,51,50,024 கைகள், 22,51,50,024 சேதிகள். இன்னொரு சீட்டைச் சேர்த்தால் கைகள் சேதிகளை மிஞ்சிவிடும். பிறகு யார் எவ்வளவு சாமர்த்தியமான ஏற்பாடு செய்தாலும் ஏதோ இரண்டு கைகளுக்கு ஒரே சேதி வந்தே தீரும். ஆக 125-இல் முடியாது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

124-இல் முடியுமா என்பது வேறு கேள்வி. எண்ணிக்கை சமம் என்பதாலேயே பொருத்தம் அமைந்துவிடாது. ஒவ்வொரு கையும் தன்னிடமுள்ள சீட்டுகளால் ஆன 120 சேதிகளில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும், வேறொன்றை எடுக்க முடியாது. சமமான இரண்டு கூட்டத்தை இப்படிக் கட்டுப்பாட்டோடு ஜோடி சேர்க்கும் கேள்விக்கு 1935-இல் ஃபிலிப் ஹால் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் தீர்வு சொன்னார். கணிதக்காரர்கள் அதைக் கல்யாணத் தேற்றம் என்றே அழைக்கிறார்கள். ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் பொருந்தும் ஜாதகங்கள் சில உண்டு. எல்லா மாப்பிள்ளைக்கும் பெண் அமைய என்ன வேண்டும்? எந்தச் சில மாப்பிள்ளைகளைத் தனியே கூட்டி வைத்தாலும், அவர்களில் யாராவது ஒருவருக்காவது பொருந்தும் பெண்களின் எண்ணிக்கை அந்த மாப்பிள்ளைகளின் எண்ணிக்கைக்குக் குறையக்கூடாது. இது வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். இது மட்டுமே போதும், வேறு தடை ஏதும் வராது என்று நிறுவியதுதான் ஹாலின் வேலை.

நம் 124 சீட்டில் இந்த நிபந்தனை நிறைவேறுகிறதா? ஒவ்வொரு கைக்கும் பொருந்தும் சேதிகள் 120, ஒவ்வொரு சேதிக்கும் பொருந்தும் கைகளும் 120. ஆயிரம் கைகளை எடுத்து வைத்தால் அவற்றிலிருந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் பொருத்தக் கோடுகள் புறப்படும். ஒரு சேதி அதிகபட்சம் 120 கோடுகளைத்தான் தாங்கும். எனவே கோடுகள் போய்ச் சேரும் சேதிகள் ஆயிரத்துக்குக் குறைய முடியாது. ஆயிரத்துக்குப் பதில் எந்த எண்ணை வைத்தாலும் இதே வாதம் செல்லும். ஆக எல்லாக் கைக்கும் தனித்தனிச் சேதி கிடைத்துவிடுகிறது.

ஆனால் கல்யாணம் நடக்கும் என்று சொல்லும் தேற்றம் யாருக்கு யார் என்று சொல்வதில்லை. இருபத்திரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட ஜோடிகளைப் பட்டியலாக எழுதி, அதைக் கூட்டாளியும் வித்தைக்காரரும் நெட்டுருப் போட முடியுமா? மைக்கேல் க்ளெபர் 2002-இல் ‘மேத்தமேட்டிக்கல் இன்டெலிஜென்சர்’ இதழில் இந்த வித்தையைப் பற்றி எழுதிய கட்டுரையில், பட்டியலே இல்லாமல் மனக்கணக்காகச் செய்யும் ஒரு வழி வருகிறது. என்னைக் கேட்டால் சேனியின் முறையைவிட இது அழகு. வட்டம், சின்னம், ஜோடி எதுவும் இதற்கு வேண்டாம்.

124 சீட்டுக்கும் 0 முதல் 123 வரை எண் போட்டுவிடுங்கள். ஐந்து சீட்டின் எண்களைக் கூட்டி 5-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 2, 3, 4-இல் ஒன்றாக இருக்கும். மீதி 0 என்றால் ஐந்தில் மிகச் சிறியதை ஒளி, 1 என்றால் அதற்கு அடுத்ததை, 2 என்றால் நடுவிலுள்ளதை, இப்படியே 4 என்றால் மிகப் பெரியதை. உதாரணமாக 8, 31, 54, 79, 110 வந்திருக்கிறது. கூட்டினால் 282, மீதி 2. நடுவிலுள்ள 54-ஐ ஒளிக்க வேண்டும்.

மேசையில் கிடக்கப்போவது 8, 31, 79, 110. இவற்றை மட்டும் கட்டிலிருந்து நீக்கிவிட்டு மீதி 120 சீட்டுக்கும் 0 முதல் 119 வரை புது எண் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 54-க்குக் கீழே 8, 31 என்று இரண்டு சீட்டு நீங்கிவிட்டதால் அதன் புது எண் 52. இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. மீதி 2 வந்ததால்தான் நடுச்சீட்டை ஒளித்தோம். நடுச்சீட்டு என்பதால்தான் அதற்குக் கீழே இரண்டு சீட்டு இருந்தது. கூட்டுத்தொகையில் துருத்திக்கொண்டிருந்த மீதியும் புது எண்ணில் குறைந்த அளவும் எப்போதும் ஒன்றேதான். ஆகவே மேசையிலுள்ள நான்கையும் ஒளித்த சீட்டின் புது எண்ணையும் கூட்டினால் 5-ஆல் மீதமின்றி வகுபடும். நம் உதாரணத்தில் நான்கும் சேர்ந்து 228, புது எண்ணைச் சேர்த்தால் 280. மீதம் இல்லை.

வித்தைக்காரருக்கு 228 தெரியும். அதை 5-ஆல் வகுத்தால் மீதி 3. எனவே புது எண்ணின் மீதி 2-ஆகத்தான் இருக்க வேண்டும். 2, 7, 12, 17 என்று 117 வரை போகும் எண்களில் அது ஒன்று. அவை மொத்தம் எத்தனை? 120-ஐ 5-ஆல் வகுத்தால் 24. நான்கு சீட்டை அடுக்கும் வழிகளும் 24. ஒரு வரிசைகூட வீணாகவில்லை, ஒன்றுகூடப் போதாமலும் போகவில்லை. 52 என்பது அந்த 24-இல் பதினொன்றாவது. அதைச் சொல்லக் கூட்டாளி பதினொன்றாவது வரிசையை அடுக்க வேண்டும். அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல நான்கு சீட்டின் 24 வரிசைகளையும் சிறியதில் தொடங்கி எண்ணினால், முதல் ஆறு 8-இல் தொடங்கும், அடுத்த ஆறு 31-இல் தொடங்கும். அந்த இரண்டாம் ஆறில் ஐந்தாவதாக வருவது 31, 110, 8, 79. அதுதான் சேதி. வித்தைக்காரர் வரிசையைப் பார்த்துப் பதினொன்று என்று அறிந்து 52-ஐப் பிடிப்பார். நீக்கிய சீட்டுகளைக் கணக்கில் கொண்டு 8-ஐயும் 31-ஐயும் தாண்டியதற்கு இரண்டைக் கூட்டி 54 என்பார்.

இதே எண்ணிக்கை எங்கே கைவிரிக்கும் என்பதையும் சொல்லிவிடும். ஐந்துக்குப் பதில் நான்கே சீட்டு எடுத்து, மூன்றைக் காட்டி ஒன்றை ஒளித்தால்? ஒரு கைக்கு நான்கு முறை ஆறு, 24 சேதிகள். கட்டில் 27 சீட்டுக்கு மேல் இருந்தால் முடியாது. ஆகவே 52 சீட்டுக் கட்டை வைத்துக்கொண்டு நான்கு சீட்டில் இதைச் செய்கிறேன் என்று யாராவது வந்தால், வரிசை தவிர வேறு ஏதோ ஜாடை இருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம். சீட்டைக் குறுக்கே திருப்பி வைக்கிறாரா, ஒன்றைக் கவிழ்த்துப் போடுகிறாரா என்று பாருங்கள்.

மூன்று சீட்டு எடுத்து இரண்டைக் காட்டினால் எல்லை 8 சீட்டு. வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்க இது வசதி. துண்டுக் காகிதத்தில் 0 முதல் 7 வரை எழுதினால் போதும். மூன்றையும் கூட்டி 3-ஆல் வகுத்து, மீதி 0 என்றால் சிறியதை, 1 என்றால் நடுவிலுள்ளதை, 2 என்றால் பெரியதை ஒளிக்க வேண்டும். மேசையில் இருக்கும் இரண்டோடு புது எண்ணைச் சேர்த்தால் 3-ஆல் வகுபட வேண்டும். அதற்குப் பொருந்துவது இரண்டே எண்கள். இரண்டு சீட்டும் ஏறுவரிசையில் இருந்தால் சிறிய எண், இறங்குவரிசையில் இருந்தால் பெரிய எண். மேசையில் முதலில் 6-உம் அடுத்து 1-உம் இருக்கிறது என்று வையுங்கள். கூட்டினால் 7, புது எண் 2 அல்லது 5. இறங்குவரிசை, ஆகவே 5. நீக்கிய 1-ஐத் தாண்ட ஒன்று கூட்டினால் 6, அதுவும் நீக்கியதாயிற்றே, இன்னொன்று கூட்டினால் 7. ஒளித்தது 7. இதே இரண்டு சீட்டு 1, 6 என்று கிடந்தால் ஒளிந்திருப்பது 3. முதலில் 4, அடுத்து 2 என்று கிடந்தால் எது என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள்.